செம்மறிக்கு நேர்ந்ததும் சோயாவுக்கு வந்த பழியும்

1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறி வளர்த்தவர்களுக்குக் காரணம் புரியாத ஒரு நட்டம் வந்தது. மேய்ச்சல் நிலத்துக்கு சூப்பர் பாஸ்பேட் போட்டு, க்ளோவர் என்ற தீவனப் பயிரைச் செழிக்க வளர்த்திருந்தார்கள். ஆடுகள் வயிறு நிறைய மேய்ந்தன, உடம்பும் தேறியிருந்தது. ஆனால் சினை பிடிக்கவில்லை. பிடித்தவையும் ஈனமுடியாமல் திணறின. குட்டிகள் செத்துப் பிறந்தன. சிலவற்றுக்குக் கருப்பையே வெளியே தள்ளியது. இதையெல்லாம்விட விசித்திரம், காயடித்த கிடாக்களுக்கு மடிக்காம்பு நீண்டு பால் சுரந்ததுதான். பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் என்ற மூவர் 1946-இல் இந்த நோயை விரிவாக எழுதி, பழியைக் க்ளோவர்மேல் போட்டார்கள். பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் ஏதோ ஒன்று அந்தப் பயிரில் இருந்தது.

அந்த ‘ஏதோ ஒன்று’ ஐசோஃபிளேவோன் என்ற பொருள்வகை. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜெனிஸ்டீனும் டைட்சீனும்தான் சோயாவிலும் இருக்கின்றன. சோயாவைப் பற்றி இன்றுவரை சுற்றும் பயத்துக்கு மூலம் இந்த ஆட்டு மந்தை. மீல்மேக்கர் தின்றால் ஆணுக்கு மார்பு வளரும் என்று நம் ஊர் ஜிம்களில் அடித்துச் சொல்பவர்கள் இந்த மந்தையைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்களை உலுக்கும் கேள்வி அன்று அந்த விவசாயிகளை உலுக்கிய கேள்விதான். அப்படியானால், அதே குடும்பத்துப் பொருளைத் தலைமுறை தலைமுறையாக உண்ட ஜப்பானியர்களும் சீனர்களும் எப்படிக் குறைவின்றிப் பிள்ளை பெற்றார்கள்? இதற்குப் பதில் கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்கு ஒரு காரணம், அன்று கையிலிருந்த அளவுகோல்.

ஒரு செடியில் ஈஸ்ட்ரோஜன் தன்மை இருக்கிறதா என்று பார்க்க அன்று இரண்டு வழிகள் இருந்தன. காயடித்த கிடாக்களை அந்த நிலத்தில் மேயவிட்டு, காம்பு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளப்பது ஒன்று. செடியின் சாற்றைப் பருவமடையாத எலிக்குக் கொடுத்து, சில நாளில் அதன் கருப்பையை எடுத்து எடைபோடுவது இன்னொன்று. எடை கூடியிருந்தால் ஈஸ்ட்ரோஜன் தன்மை உண்டு. இந்த இரண்டாவது சோதனையில் ஜெனிஸ்டீன் மிகமிகப் பலவீனமாகவே தெரிந்தது. உடம்பின் சொந்த ஹார்மோனான ஈஸ்ட்ரடயால் செய்யும் வேலையைச் செய்ய அது ஆயிரக்கணக்கான மடங்கு தேவைப்பட்டது. ‘பலவீனமான ஈஸ்ட்ரோஜன்’ என்ற பட்டம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பட்டம் பொய்யல்ல, பாதிதான் உண்மை. ஏன் பாதி என்பது 1996 வரை யாருக்கும் தெரியாது.

1950-களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரடயாலை விலங்குகளுக்குச் செலுத்தி, கருப்பை போன்ற உறுப்புகள் மட்டும் அதைப் பற்றி வைத்துக்கொள்வதைக் கண்டார். பற்றிக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். ஹார்மோன் வந்து உட்கார்ந்ததும் ஏற்பி உருமாறி, செல்லின் கருவில் குறிப்பிட்ட சில மரபணுக்களை இயக்கும். அன்றிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரே ஏற்பிதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். 1996-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஆகே குஸ்டாஃப்சனின் குழு, எலியின் புராஸ்டேட் சுரப்பியில் இரண்டாவது ஏற்பியைக் கண்டுபிடித்தது. பழையது ஆல்ஃபா ஆயிற்று, புதியது பீட்டா.

இரண்டும் உடம்பில் ஒரே இடத்தில் ஒரே அளவில் இல்லை. கருப்பையிலும் ஈரலிலும் ஆல்ஃபாவின் ஆட்சி. சினைப்பையின் சில செல்களிலும் புராஸ்டேட்டிலும் பெருங்குடலிலும் பீட்டா அதிகம். இப்போது அந்தப் பழைய எலிச் சோதனையைத் திரும்பிப் பாருங்கள். எடைபோட்டது கருப்பையை. அதாவது ஆல்ஃபா வழியாக என்ன நடக்கிறது என்பதை மட்டும் அளந்துவிட்டு, ஜெனிஸ்டீனின் மொத்தத் திறனே இவ்வளவுதான் என்று எழுதிவைத்திருந்தார்கள்.

பீட்டா கிடைத்த கையோடு அதே குழுவைச் சேர்ந்த காய்பர் தாவரப் பொருள்களை இரண்டு ஏற்பிகளிலும் வைத்துப் பார்த்தார். சோதனை எளிமையானது. ஏற்பியைக் கதிரியக்க ஈஸ்ட்ரடயாலோடு கலந்துவிட்டு, ஜெனிஸ்டீனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஈஸ்ட்ரடயாலில் பாதியை வெளியேற்ற எவ்வளவு ஜெனிஸ்டீன் தேவைப்பட்டது என்பதே அதன் பற்றுதிறன். ஈஸ்ட்ரடயாலுக்கு 100 என்று வைத்தால், ஜெனிஸ்டீனுக்கு ஆல்ஃபாவில் கிடைத்தது 5, பீட்டாவில் 36. டைட்சீன் இரண்டிலும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆல்ஃபாவில் இருபதில் ஒரு பங்கு என்றால் பலவீனம்தான். பீட்டாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்பதை யாரும் பலவீனம் என்று சொல்லிவிட முடியாது.

இந்தப் பாகுபாடு எங்கிருந்து வருகிறது? ஈஸ்ட்ரடயாலின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. ஏற்பியின் குழிக்குள் அவை இரண்டு எதிர்ப்பக்கச் சுவர்களைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஜெனிஸ்டீன் ஸ்டீராய்டு இனமே இல்லை. ஆனாலும் தட்டையான அதன் உடலின் இரு முனைகளில் இருக்கும் ஹைட்ராக்சில்களுக்கு இடையே ஏறக்குறைய அதே தூரம். ஆகவே அதுவும் குழிக்குள் பொருந்தும். குழியின் உட்சுவரில் ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் இரண்டே அமினோ அமிலங்கள்தான் வேறுபாடு: ஆல்ஃபாவில் லியூசினும் மெத்தியோனினும் இருக்கும் இடங்களில் பீட்டாவில் மெத்தியோனினும் ஐசோலியூசினும் உள்ளன. அந்தச் சிறு மாற்றம் ஜெனிஸ்டீனுக்கு வசதியாக அமைந்துவிட்டது.

ஆனால் உள்ளே உட்காருவது வேறு, வேலை செய்ய வைப்பது வேறு. 1999-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜெனிஸ்டீன் உட்கார்ந்திருக்கும் பீட்டா ஏற்பியைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் படமெடுத்தார்கள். ஏற்பியின் ஓரத்தில் பன்னிரண்டாவது சுருள் என்ற ஒரு பகுதி உண்டு. ஈஸ்ட்ரடயால் உள்ளே போனால் அது குழியின் வாயை மூடி போல இறுக மூடிக்கொள்ளும். மூடியதும் அங்கே ஒரு மேடை உருவாகும். மரபணுவை இயக்கும் துணைப் புரதங்கள் அதில் வந்து அமரும். ஜெனிஸ்டீன் உள்ளே இருந்த படத்தில் மூடி சரியாக உட்காரவில்லை. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்துகள் போனால் அது எங்கே விலகி நிற்குமோ, ஏறக்குறைய அங்கே நின்றது. நன்றாகப் பற்றினாலும் அரைகுறையாக இயக்கும் பொருள் என்ற முடிவுக்கு இந்தப் படம் வலுச்சேர்த்தது. ஈஸ்ட்ரடயால் நிறைய இருக்கும் உடம்பில் இது இடத்தைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கலாம். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரடயால் வற்றிய உடம்பில் இதுவே சிறிது இயக்கலாம். ஒரே பொருளை ஒருவர் ஹார்மோன் என்றும் இன்னொருவர் ஹார்மோன் எதிரி என்றும் சொல்வது இதனால்தான். இருவருமே பாதி சரி.

அப்படியானால் ஆடுகள் ஏன் கெட்டன? இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். இயல்பான ஈஸ்ட்ரடயால் இரண்டு ஏற்பிகளையும் ஒரே பற்றுடன் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெனிஸ்டீனுக்கு பீட்டாவின்மேல் உள்ள பற்று ஆல்ஃபாவைவிட ஏழு மடங்கு. இரத்தத்தில் பீட்டாவில் பாதி நிரம்பும் அளவுக்கு அது இருந்தால், ஆல்ஃபாவில் எட்டில் ஒன்றுதான் நிரம்பும். பாகுபாடு தெளிவாக இருக்கிறது. இப்போது அளவை நூறு மடங்காக்குங்கள். பீட்டாவில் 99 விழுக்காடு நிரம்பும், ஆல்ஃபாவில் 93. பாகுபாடு போய்விட்டது. தேர்ந்தெடுத்துப் பற்றும் குணம் சிறிய அளவில்தான் நிற்கும். வெள்ளமாக வந்தால் எல்லாக் குழிகளும் நிரம்பிவிடும்.

அந்த ஆடுகளுக்கு வந்தது வெள்ளம். கெடுதி செய்த க்ளோவர் ரகங்களில், உலர் எடையில் ஒரு விழுக்காடு அளவுக்கு ஃபார்மோனோனெடின் என்ற ஐசோஃபிளேவோன் இருந்தது. ஒரு ஆடு நாளுக்கு ஒரு கிலோ உலர் தீவனம் தின்றாலே பத்து கிராம். ஜப்பானியர் ஒருவர் நாளுக்கு உண்பது சுமார் 25 முதல் 50 மில்லிகிராம். ஆரம்பத்தில் க்ளோவரில் இருந்த ஜெனிஸ்டீன்மேல்தான் சந்தேகம் விழுந்தது. பிறகுதான் தெரிந்தது, அசைபோடும் வயிற்றின் நுண்ணுயிர்கள் ஜெனிஸ்டீனை உடைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகின்றன என்று. ஏற்பியைத் தொடவே தெரியாத ஃபார்மோனோனெடினையோ முதலில் டைட்சீனாகவும் பிறகு ஈக்குவோலாகவும் மாற்றுகின்றன. ஈக்குவோல் அவற்றைவிட வலுவாகப் பற்றும். நெடுநாள் மேய்ந்த பெண் ஆடுகளின் கருப்பை வாய்த் திசுவே மாறிப்போய், விந்தை உள்ளே கொண்டுசேர்க்கும் சளி உருவாகாமல் நின்றது. நிலத்தை மாற்றினாலும் அந்த மலடு தீரவில்லை. இன்று ஆஸ்திரேலியாவில் ஃபார்மோனோனெடின் குறைந்த ரகங்களையே விதைக்கிறார்கள்.

மனிதக் குடலிலும் ஈக்குவோல் உருவாகும், எல்லாருக்கும் அல்ல. மேலை நாடுகளில் சுமார் நான்கில் ஒருவரின் குடலில்தான் அதைச் செய்யும் நுண்ணுயிர்கள் உள்ளன. ஜப்பானியரில் பாதிப் பேருக்கோ அதற்குச் சற்று மேலோ உண்டு. ஒரே சோயா உணவைத் தின்ற இருவருக்கு வேறு வேறு பலன் வருவதில் இதற்குப் பங்கிருக்கலாம். அதைவிட முக்கியமானது ஈரலும் குடற்சுவரும் செய்யும் வேலை. உள்ளே வந்த ஜெனிஸ்டீனின் பெரும்பகுதியோடு அவை ஒரு சர்க்கரை அமிலத்தைக் கட்டிவிடும். கட்டுண்ட ஜெனிஸ்டீன் ஏற்பியின் குழிக்குள் நுழையாது, சிறுநீரில் போய்விடும். இரத்தத்தில் ஜெனிஸ்டீன் இவ்வளவு இருக்கிறது என்று ஒரு பெரிய எண்ணைப் பார்த்து மிரளும்போது, அதில் சில விழுக்காடே கட்டற்றது என்பதை மறந்துவிடக் கூடாது.

மறந்ததால் ஒரு பெரிய பீதி கிளம்பியது. 1998-இல், மனித மார்பகப் புற்றுச் செல்களைப் பதித்த, சினைப்பை நீக்கிய எலிகளுக்கு ஜெனிஸ்டீன் கொடுத்தபோது கட்டிகள் வளர்ந்தன. மார்பகப் புற்று வந்த பெண்கள் சோயாவைத் தொடவே கூடாது என்ற அறிவுரை பரவியது. பிறகு 2009-இல் ஷாங்காயில் மார்பகப் புற்று வந்த 5,042 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. சோயா அதிகம் உண்டவர்களிடம் இறப்பும் நோய் திரும்புவதும் குறைவாக இருந்தன. சோயாதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்காது. ஆனால் பயந்தது நடக்கவில்லை என்று காட்டியது. எலி ஏன் வேறு மாதிரி சொன்னது என்பதற்கு 2011-இல் ஒரு விளக்கம் வந்தது. மனிதரைவிட எலிகள் ஜெனிஸ்டீனைக் கட்டிப்போடுவதில் மிகவும் பின்தங்கியவை. அவற்றின் இரத்தத்தில் கட்டற்ற பங்கு பல மடங்கு அதிகம்.

ஆண்கள் விஷயத்துக்கு வருவோம். 2008-இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் எழுதிய ஒரு நோயாளிக் குறிப்பு உண்டு. அறுபது வயது ஆண், இரு மார்பும் வீங்கி வலித்தன. பரிசோதனையில் ஈஸ்ட்ரோஜன் கூடியிருந்தது. துருவித் துருவிக் கேட்டதில், அவர் நாளுக்கு மூன்று குவார்ட் சோயாப் பால் குடித்துவந்தது தெரிந்தது. கிட்டத்தட்ட மூன்று லிட்டர். ஐசோஃபிளேவோன் 361 மில்லிகிராம். நிறுத்தியதும் வலி போயிற்று. ஜிம் வாதத்துக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் நீட்டப்படுவது இந்த ஒருவரே. சாதாரண அளவில் சோயா உண்ட ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2010, 2021 தொகுப்புகளில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாகத் தெரியவில்லை.

வாரம் இரண்டு நாள் குழம்பில் மீல்மேக்கர் போடுகிறவர் அந்த மூன்று லிட்டர்காரரின் பக்கத்தில்கூட வரமாட்டார். ஐசோஃபிளேவோனைப் பிரித்தெடுத்து அடைத்த மாத்திரைகளை யோசித்துத்தான் விழுங்க வேண்டும். ஷாங்காய்ப் பெண்கள் உண்டது டோஃபு, சோயாப் பால் முதலான உணவு. அந்த ஆய்வின் ஆறுதலை மாத்திரைப் புட்டிக்கு மாற்றி எழுத முடியாது. ஹார்மோன் சார்ந்த கட்டிக்கு சிகிச்சையில் இருப்பவர் அந்த மாத்திரையைத் தன் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது.