பயனர் கூடினால் செயலி தேறிவிட்டதா?

வீட்டு வரவு செலவு எழுத ஒரு செயலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியான முதல் வாரம் அதை 1,000 பேர் பயன்படுத்துகிறார்கள். அடுத்த வாரம் 1,600 பேர். பிறகு 2,268, அதற்கடுத்து 3,153, ஐந்தாம் வாரம் 4,203. ஐந்தே வாரத்தில் நாலு மடங்கு! எண்கள் நான் மாதிரிக்குப் போட்டவைதான். ஆனால் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்க்கும் புதிய செயலி எதிலும் இப்படியொரு ஏறுமுகம் வரக்கூடும். இதை வைத்துச் செயலி வாரத்துக்கு வாரம் மேம்படுகிறது என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும்.

ஏனென்றால் அந்த 4,203 பேரில் 2,600 பேர் அந்த வாரம்தான் உள்ளே வந்தவர்கள். அவர்கள் தங்குவார்களா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் வந்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதும் வேறு வேறு கேள்விகள். மொத்தக் கணக்கு இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

பிரித்துப் பார்க்க ஒரே வாரத்தில் சேர்ந்தவர்களை ஒரு பேட்சாக எடுத்துக்கொள்ள வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் இதைக் கோஹார்ட் என்பார்கள். ஒரு பேட்சில் இத்தனை வாரம் கழித்தும் வருகிறவர்கள் எத்தனை சதவீதம் என்பது ரிடென்ஷன். நம் செயலியின் அட்டவணை இது:

| சேர்ந்த வாரம் | சேர்ந்தவர்கள் | 1 வாரம் கழித்து | 2 வாரம் கழித்து | 3 வாரம் கழித்து | 4 வாரம் கழித்து |
|---|---|---|---|---|---|
| 1 | 1,000 | 40% | 30% | 25% | 23% |
| 2 | 1,200 | 39% | 29% | 24% | |
| 3 | 1,500 | 37% | 27% | | |
| 4 | 2,000 | 34% | | | |
| 5 | 2,600 | | | | |

இதைக் குறுக்கே படித்தால் ஒரு பேட்சின் கதை தெரியும். முதல் பேட்சில் நூற்றுக்கு அறுபது பேர் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். பிறகு போகிறவர்கள் குறைந்துகொண்டே வந்து 25, 23 என்று கோடு படுக்கத் தொடங்குகிறது. அப்படிப் படுத்தால் இந்தச் செயலி உண்மையிலேயே தேவைப்படும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். படுக்காமல் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், எத்தனை பேரைச் சேர்த்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

செயலி மேம்படுகிறதா என்ற கேள்விக்கு ஒரு பத்தியை மேலிருந்து கீழே படிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பியவர்கள் 40, 39, 37, 34. மொத்தம் நாலு மடங்கான அதே ஐந்து வாரத்தில் ஒவ்வொரு பேட்சும் முந்தையதைவிடக் குறைவாகத் தங்கியிருக்கிறது. ஆறாம் வாரம் விளம்பரத்தை நிறுத்தி, 600 பேர் மட்டுமே சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 2,700-க்கு விழுந்துவிடும்.

"மொத்தம் வேண்டாம், சர்ன் பார்க்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். போன வாரம் இருந்தவர்களில் இந்த வாரம் வராமல் போனவர்களின் சதவீதம்தான் சர்ன். நம் செயலிக்குக் கணக்குப் போட்டால், முதல் வாரத்து 1,000 பேரில் 600 பேர் வரவில்லை: 60%. அடுத்து 1,600 பேரில் 832 பேர் வரவில்லை: 52%. அதன் பிறகு 49%, மறுபடியும் 49%. பார்க்கிறவருக்குச் சர்ன் குறைந்து நிலைபெற்றதாகத்தான் தோன்றும். ஒவ்வொரு பேட்சும் மோசமாகும்போது இது எப்படிக் குறைந்தது? புதிதாக வந்தவர்கள் சீக்கிரம் போகிறார்கள், பழகியவர்கள் மெதுவாகப் போகிறார்கள். முதல் வாரம் எல்லோரும் புதியவர்கள். நாள் ஆக ஆகப் பழகியவர்கள் சேர்ந்துகொண்டே வருவதால் சராசரி தானாகவே இறங்குகிறது. செயலியில் ஒரு வரி மாற்றாவிட்டாலும் இறங்கும். இந்த இறக்கத்தைக் காட்டிப் பாராட்டு வாங்குவது நியாயமில்லை. இன்னொன்று, ஒரு வாரம் வராதவர் அடுத்த வாரம் வந்துவிடலாம். டுவோலிங்கோ போன்ற நிறுவனங்கள் புதியவர், தொடர்ந்து வருகிறவர், நெடுநாள் கழித்துத் திரும்பியவர் என்று தனித்தனியாக எண்ணுவது அதனால்தான்.

சரி, 40 ஏன் 34 ஆனது? உடனே செயலியைக் குறை சொல்லிவிடக் கூடாது. முதலில் இது வெறும் ஏற்ற இறக்கமா என்று பார்க்க வேண்டும். ஆயிரம் பேர் கொண்ட பேட்சில் மூன்று புள்ளி வரை மேலே கீழே போவது தற்செயலாகவே நடக்கும். நூறு பேர் என்றால் பத்துப் புள்ளிகூட ஆடும். ஆகவே 40, 39 ஆனதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. 34 ஆனதற்கு உண்டு.

அடுத்தது, அந்தப் பேட்சில் இருப்பவர்கள் யார்? நான்காம் வாரத்து 2,000 பேரைப் பிரித்துப் பார்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 பேர் யாரோ சொல்லியோ தேடியோ தாங்களாக வந்தவர்கள். அவர்களில் 320 பேர் திரும்பினார்கள். 1,200 பேர் விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள். திரும்பியவர்கள் 360 பேர். முதல் வகையில் 40%, இரண்டாவதில் 30%. முதல் பேட்சில் விளம்பரமே இல்லை, எல்லோரும் தாங்களாக வந்தவர்கள், அங்கும் 40%. அப்படியானால் செயலி கெட்டுப்போகவில்லை, தேறவும் இல்லை. அதற்கு அவ்வளவாகப் பொருந்தாத ஆட்களை விளம்பரம் கூட்டிவந்தது, அவ்வளவுதான். இப்படிப் பிரிக்காமல் கோடு இறங்கியதற்காகச் செயலியையே மாற்றி எழுதத் தொடங்கினால் உழைப்பு வீண்.

இப்போது ஒரு மாற்றம் செய்கிறார்கள். முதல் திரையிலேயே வங்கி விவரம் கேட்டு வந்ததை எடுத்துவிட்டு, திறந்ததும் ஒரு செலவை எழுதலாம் என்று ஆக்குகிறார்கள். ஏழாம் வாரம், தாங்களாக வந்த 600 பேரில் 46% பேர் ஒரு வாரம் கழித்துத் திரும்புகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்த மறுவாரம் மாதத்தின் முதல் வாரமாக இருந்தால்? சம்பளம் வந்த கையோடு கணக்கு எழுத எல்லோருக்கும் ஆர்வம் வரும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அதே காலண்டர் வாரத்துக்கான எண்கள் அட்டவணையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வராமல் சாய்வாக விழும். அந்தச் சாய்வில் பழைய பேட்சுகளும் சேர்ந்து ஏறியிருந்தால் சம்பளமோ பண்டிகையோ எல்லோரையும் இழுத்திருக்கிறது. பழையவர்கள் முதல் திரையைத் தாண்டிப் பல நாளாயிற்று, அந்த மாற்றம் அவர்களைத் தொட்டிருக்க முடியாது. மாற்றத்துக்குப் பின் சேர்ந்தவர்கள் மட்டும் ஏறியிருந்தால் அது செயலியின் கணக்கு.

கடைசியாக இரண்டு காவல். சனிக்கிழமை சேர்ந்தவருக்கும் ஏழு நாள் முழுதாக முடிந்த பிறகே அவருடைய முதல் வாரத்தை எண்ண வேண்டும். இல்லாவிட்டால் கடைசிக் கட்டம் எப்போதும் குறைவாகவே தெரியும். திங்கட்கிழமைக் கூட்டங்களில் கிளம்பும் பீதிக்கு இது ஒரு முக்கியக் காரணம். 'திரும்பி வந்தார்' என்பதற்கு ஒரு செலவாவது எழுதினார் என்று பொருள் வைக்க வேண்டும். செயலியைத் திறந்தாலே போதும் என்று வைத்தால், அறிவிப்புகளை அடுக்கடுக்காக அனுப்பியே அந்த எண்ணை ஏற்றிவிடலாம்.

இத்தனையும் பார்த்த பின், எட்டாம் வாரப் பேட்ச் 45%, ஒன்பதாம் வாரப் பேட்ச் 47% என்று நின்றால், அந்த வாரங்களில் மொத்தப் பயனர் எண்ணிக்கை குறைந்தே இருந்தாலும், செயலி தேறியிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.