12 வோல்ட் அடாப்டர் தரும் 18.8 வோல்ட் அடி

மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்க்கும் மேசைக்கு அடிக்கடி வரும் கேஸ் ஒன்று உண்டு. அடாப்டரைச் செருகியதும் கருவி செத்துவிட்டது என்பார்கள். போர்டில் மின்சாரம் நுழையும் இடத்திலேயே இருக்கும் ரெகுலேட்டர் ஐ.சி. எரிந்திருக்கும். அடாப்டரை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். அடாப்டரில் பழுதில்லை, ஐ.சி.யும் போலி இல்லை. செருகிய முதல் சில மைக்ரோ நொடிகளில், அதாவது ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் துணுக்குகளில், அந்த ஐ.சி.யின் காலுக்கு 12 வோல்ட்டைவிட வெகு அதிகமான அழுத்தம் போயிருக்கிறது. மல்டிமீட்டர் அவ்வளவு வேகமாகப் பார்க்காது. ஆஸிலாஸ்கோப் பார்க்கும். ஆனால் கருவி எதுவும் இல்லாமல், இரண்டே சமன்பாடுகளை எழுதியும் அந்த உயரத்தைக் கண்டுபிடிக்கலாம்.

சுற்று மிக எளியது. அடாப்டரின் வெளிவாசலில் பெரிய மின்தேக்கி இருப்பதால் அதை அசையாத 12 வோல்ட் மூலமாகவே கொள்ளலாம். அதிலிருந்து வரும் ஒரு மீட்டர் வயரை நாம் வெறும் கம்பி என்று நினைக்கிறோம். மின்னோட்டம் வேகமாக மாறும்போது அது மின்தூண்டி. சுமார் 1 மைக்ரோ ஹென்றி தூண்டல் அதற்குண்டு என்று வைத்துக்கொள்வோம். வயர், பிளக் இரண்டின் தடையும் சேர்ந்து 0.1 ஓம். கருவியின் வாசலில் 10 மைக்ரோ ஃபாரட் செராமிக் மின்தேக்கி. அதற்கு இணையாக, 1 ஆம்பியர் இழுக்கும் கருவியை 12 ஓம் தடையாகக் கொள்வோம். இனி L, R, C, RL என்று எழுதும்போது அவை முறையே இந்தத் தூண்டலையும், வயர் தடையையும், மின்தேக்கியையும், கருவியின் தடையையும் குறிக்கும்.

இந்தச் சுற்றில் அளக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு உறுப்பின் மின்னழுத்தம், ஒவ்வொன்றின் மின்னோட்டம். எல்லாவற்றையும் துரத்த வேண்டியதில்லை, இரண்டு போதும். மின்தேக்கியின் மின்னழுத்தம் v, மின்தூண்டியின் மின்னோட்டம் i. இந்த இரண்டும்தான் ஏன்? சுற்றில் ஆற்றலைச் சேமித்து வைப்பவை இந்த இரண்டு உறுப்புகளே. மின்தேக்கியின் ஆற்றல் ½Cv², மின்தூண்டியின் ஆற்றல் ½Li². கணப்பொழுதில் ஆற்றலை அள்ளிக் கொட்ட முடியாது. ஆகவே v, i இரண்டும் திடீரென்று தாவ முடியாதவை. ஓடும் ஊஞ்சலின் ஒரே ஒரு புகைப்படத்தைக் காட்டி, அடுத்த நொடியில் அது எங்கே இருக்கும் என்று கேட்டால் சொல்ல முடியாது. இடத்தோடு வேகமும் தெரிந்தால் சொல்லிவிடலாம். இங்கே v, i இரண்டும் தெரிந்தால் இதற்கு முன் நடந்தவை எதுவும் நமக்குத் தேவையில்லை. அதனால்தான் இவற்றுக்கு நிலை மாறிகள் என்று பெயர். மின்தேக்கியின் மின்னோட்டத்தை நிலையாக எடுத்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்போம். கருவி திடீரென்று அணைந்தால் அந்த மின்னோட்டம் அக்கணமே தாவிவிடும். நேற்றைய மதிப்பு இன்றைய தொடக்கமாக உதவாது.

சமன்பாடு எழுதும் வழியில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. மின்தேக்கியை v வோல்ட் பேட்டரியாகவும், மின்தூண்டியை i ஆம்பியர் தரும் மின்னோட்ட மூலமாகவும் ஒரு கணம் பாவித்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது வெறும் தடைகள் உள்ள சுற்று. அதில் இரண்டே கேள்விகள். அந்தப் பேட்டரிக்குள் எவ்வளவு மின்னோட்டம் போகிறது? அந்த மின்னோட்ட மூலத்தின் குறுக்கே எவ்வளவு மின்னழுத்தம் நிற்கிறது? முதல் விடையை C ஆல் வகுத்தால் v மாறும் வேகம். இரண்டாவது விடையை L ஆல் வகுத்தால் i மாறும் வேகம்.

நம் சுற்றில் கேட்டுப் பார்ப்போம். மின்தேக்கியின் மேல்முனையில் கிர்க்காஃப்பின் மின்னோட்ட விதி: வயர் வழியாக i வருகிறது, கருவி v/RL எடுத்துக்கொள்கிறது, மிச்சம் மின்தேக்கிக்கு. வயரைச் சுற்றி வரும் வளையத்தில் மின்னழுத்த விதி: 12 வோல்ட்டில் தடை Ri தின்கிறது, மின்தேக்கி v தின்கிறது, மிச்சம் மின்தூண்டியின் குறுக்கே.

```
C dv/dt = i - v/RL
L di/dt = 12 - R i - v
```

வேலை முடிந்தது, இவைதான் நிலைச் சமன்பாடுகள். வலப்புறத்தில் v, i, மூல மின்னழுத்தம் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது மட்டுமே விதி. வேறொரு மின்னோட்டம் அங்கே எட்டிப் பார்த்தால், தடைகளின் வழியே அதை v, i கொண்டு எழுதி வெளியேற்ற வேண்டும். மின்சுற்றுகளை இப்படி எழுதும் முறையை 1957இல் டி. ஆர். பாஷ்கோ வகுத்துக் காட்டினார். ருடால்ஃப் கால்மானின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரைகளுக்குப் பின் கட்டுப்பாட்டுப் பொறியியல் பெருமளவு இந்த நடைக்கு மாறியது.

கல்லூரியில் பலர் படித்த வழி வேறு. இரண்டையும் பிணைத்து v க்கு ஒரே இரண்டாம் படிச் சமன்பாடு எழுதுவது அது. விடை ஒன்றுதான். ஆனால் அதைத் தீர்க்கத் தொடக்கத்தில் v எவ்வளவு என்பதோடு, v எவ்வளவு வேகமாக மாறுகிறது என்றும் தெரிய வேண்டும். அந்த வேகத்தைக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவார்கள். நிலைச் சமன்பாட்டில் அந்தச் சிக்கலே இல்லை. செருகும் கணத்தில் மின்தேக்கி காலி, வயரில் ஓட்டமில்லை. v = 0, i = 0. அவ்வளவுதான் தொடக்கம்.

அந்தக் கணத்தைச் சமன்பாட்டில் போட்டால் என்ன தெரிகிறது? dv/dt சுழி, மின்தேக்கி இன்னும் அசையவில்லை. di/dt ஒவ்வொரு மைக்ரோ நொடிக்கும் 12 ஆம்பியர்! சுமார் நாலரை மைக்ரோ நொடியில் வயரில் ஓடுவது ஏறக்குறைய 30 ஆம்பியர். கருவிக்கு வேண்டியது 1 ஆம்பியர்தான், மீதி அத்தனையும் மின்தேக்கிக்குள் கொட்டுகிறது. v ஏறி 12ஐத் தொடும்போதும் வயரில் பெரிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. i தாவ முடியாதது என்று சொன்னோம்; அது உடனே நிற்காது. ஆகவே v 12ஐத் தாண்டி ஏறுகிறது. உச்சம் எவ்வளவு என்று சமன்பாட்டைத் தீர்த்தால், சுமார் 10 மைக்ரோ நொடியில் 18.8 வோல்ட் வருகிறது. ஐ.சி.யின் உச்ச வரம்பு 18 வோல்ட் என்றால், எரிந்ததற்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

கையால் தீர்க்க விரும்பாதவர்கள் கணினியில் அடியெடுத்து வைத்து நடக்கலாம். நிலைச் சமன்பாட்டின் பெரிய வசதி இதுதான். இப்போதைய v, i தெரிந்தால் மாறும் வேகம் தெரியும், வேகம் தெரிந்தால் அடுத்த கணத்தின் v, i தெரியும். பைத்தானில் ஒன்பதே வரிகள்:

```python
v = i = peak = 0.0
dt = 1e-8
for k in range(3000):
    dv = (i - v/12) / 10e-6
    di = (12 - 0.1*i - v) / 1e-6
    v = v + dv*dt
    i = i + di*dt
    peak = max(peak, v)
print(peak)
```

ஓர் அடிக்கு நூறில் ஒரு மைக்ரோ நொடி வீதம் நடந்தால் உச்சம் 18.8ஐ ஒட்டி வரும். அவசரப்பட்டு அடியின் நீளத்தை 1 மைக்ரோ நொடியாக வைத்துப் பாருங்கள்: 23.45 வோல்ட் என்று சொல்லும். சமன்பாடு அதேதான், விடை மட்டும் பொய். அடி பெரிதானால் இந்த எளிய முறை இல்லாத ஆற்றலை ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் சேர்த்துவிடுகிறது. வயர் தடை விழுங்க வேண்டிய அலைவு அடங்காமல் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அடியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுவது. விடை நகர்ந்தால் முதல் விடையை நம்பக் கூடாது.

இதைவிட அதிகம் நடப்பது குறிப்பிழை. i எந்தத் திசையில் ஓடுகிறது, v இன் நேர்முனை எது என்று படத்தில் குறிக்காமல் எழுத ஆரம்பித்தால் ஒரு கழித்தல் குறி எங்காவது தொலையும். நல்லவேளையாக, எழுதிய சமன்பாடே தன் பிழையைக் காட்டிக்கொடுக்கும். முதலில் இரண்டு வேகங்களையும் சுழியாக்குங்கள். எல்லாம் அடங்கிய பின் இருக்க வேண்டிய நிலை கிடைக்கும்: v 11.9 வோல்ட், i 0.99 ஆம்பியர். 12 ஓமும் 0.1 ஓமும் தொடரில் இருக்கும் சாதாரணச் சுற்றின் விடை இது, மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம்.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முதல் சமன்பாட்டை v ஆலும் இரண்டாவதை i ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். இடப்புறம், சேமித்த மொத்த ஆற்றல் மாறும் வேகம். வலப்புறத்தில் ஒரு சமன்பாட்டின் +vi மற்றதன் −vi யை அடித்துவிட்டு, எஞ்சுவது இது:

```
12 i - R i² - v²/RL
```

மூலம் தருவது, வயர் தின்பது, கருவி தின்பது. வேறெதுவும் இல்லை. vi உறுப்புகள் ஒன்றையொன்று அடிக்காமல் மிஞ்சினாலோ, தடைகளின் முன் கூட்டல் குறி வந்தாலோ, நீங்கள் எழுதிய சுற்று எங்கிருந்தோ ஆற்றலை வரவழைக்கிறது என்று பொருள். குறி எங்கோ தவறிவிட்டது.

மருந்தையும் இதே சமன்பாடுகள் சொல்கின்றன. அலைவை அடக்குவது தடை. ஆனால் வயரில் தடையைக் கூட்டினால் கருவி ஓடும் நேரமெல்லாம் சூடும் இழப்பும். உச்சமே வராமல் செய்ய வயரின் தடை சுமார் 0.6 ஓம் ஆக வேண்டும். 1 ஆம்பியர் ஓட்டத்தில் 0.6 வாட் வீணாகும். ஆகவே செராமிக் மின்தேக்கிக்கு இணையாக, தன்னுள்ளேயே 0.3 ஓம் அளவுக்குத் தடையுள்ள பெரிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி ஒன்றைப் போடுவார்கள். நிலையான மின்னோட்டம் அதன் வழியே ஓடாது, அலைவு மட்டும் ஓடித் தடையில் கரையும். கணக்கில் இப்போது மூன்றாவது நிலை மாறி சேர்கிறது: அந்தப் புதிய மின்தேக்கியின் உள் மின்னழுத்தம். அதற்கு உள்தடையே இல்லை என்று பாவித்தால் இரு மின்தேக்கிகளுக்கும் எப்போதும் ஒரே மின்னழுத்தம். எண்ணிக்கை மறுபடி இரண்டுக்கு இறங்கிவிடும். உறுப்புகளை எண்ணி நிலைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். தனித்தனியே மாறக்கூடிய v, i எத்தனை என்றுதான் பார்க்க வேண்டும்.

செராமிக் மின்தேக்கி இன்னொரு சிக்கலும் தரும். அதன் மேல் எழுதியிருக்கும் 10 மைக்ரோ ஃபாரட், மின்னழுத்தம் ஏற ஏறக் குறையும். சிறிய அளவில் வரும் வகைகளில் இந்தக் குறைவு பெரிது. C மாறாதது என்று எழுதிய முதல் சமன்பாடு அங்கே பொருந்தாது. அப்போது v க்குப் பதிலாக மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் q ஐ நிலையாக எடுப்பது நல்லது:

```
dq/dt = i - v(q)/RL
```

v எவ்வளவு என்பதை q இலிருந்து அந்தப் பாகத்தின் தரவுத்தாளிலுள்ள வரைகோடு மூலம் பெற வேண்டும். மின்னூட்டம் ஏற ஏற மின்தேக்கி சிறுத்துப் போவதால், மிச்சமிருக்கும் மின்னோட்டம் v யை இன்னும் உயரத்துக்குத் தள்ளும். மாறாத C வைத்துப் போட்ட கணக்கில், தடையே இல்லாவிட்டாலும் உச்சம் மூலத்தின் இரு மடங்கைத் தாண்டாது. உண்மையான செராமிக் மின்தேக்கியில் தடை போதாமல் போனால் அந்த இரு மடங்கையும் தாண்டலாம். ஐ.சி.யின் வரம்பைத் தேர்ந்தெடுக்கும்போது 24 வோல்ட் தாங்கினால் போதும் என்று நின்றுவிடாமல், வயரோடு செருகி ஆஸிலாஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துவிடுவது அதனால்தான் அவசியம்.