பூட்டு, பிறகு கட்டை, பிறகு காற்று

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் பல ஆலைகளில், ஷிஃப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசர் சில நிமிடம் பாதுகாப்புப் பேச்சு பேசுவார். கேட்டு நிற்பவர்களில் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். யாராவது ஒருவர் அங்கேயே இந்தியில் மாற்றிச் சொல்வார். அதனால் வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும், ஒரு வாக்கியத்தில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும். பவர் பிரஸ்ஸில் தகடு சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்லும் பேச்சு இப்படித் தொடங்கலாம்:

“தகடு சிக்கிக்கிச்சா? கையை உள்ள விடாதீங்க. ஆபரேட்டர்கிட்ட சொல்லுங்க. மோட்டாரை நிறுத்துங்க. பிளைவீல் நிக்கிற வரைக்கும் நில்லுங்க. கண்ணால பாருங்க.”

பிளைவீல் என்பது பிரஸ்ஸின் பக்கவாட்டில் சுழலும் கனமான சக்கரம். தகட்டை வெட்டும் விசை அதில்தான் சேர்ந்திருக்கிறது. மோட்டாரை அணைத்த பிறகும் அது சில நிமிடம் சுற்றும். அந்த நேரத்தில் கிளட்ச் பிடித்துவிட்டால் போதும், கரண்ட் இல்லாமலே ராம் ஒரு அடி அடித்துவிடும். இயந்திரத்தின் சத்தம் அடங்கியதை வைத்து நின்றுவிட்டது என்று முடிவு செய்பவர்கள்தான் இங்கே மாட்டுகிறார்கள்.

“மெயினை ஆஃப் பண்ணுங்க. உங்க பூட்டைப் போடுங்க. சீட்டுல உங்க பேரை எழுதுங்க. சாவி உங்க பையிலதான் இருக்கணும். ரெண்டு பேர் வேலை செஞ்சா ரெண்டு பூட்டு.”

சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் வெட்டுகிறது. அந்தப் பக்கம் வருகிற எவரும் அதைத் திருகி விடுவிக்கலாம். தானாக ‘ஆன்’ பக்கம் நகரக்கூடிய மின்துண்டிப்புச் சாதனத்தைப் பூட்ட ஏற்பாடு வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-வது பிரிவே சொல்லியிருந்தது. ஆனால் பூட்டு இருக்கிற ஆலைகளிலும் ஒரு தவறு நடக்கும். வரிசையாக இருக்கும் பேனல்களில் பக்கத்து பிரஸ்ஸின் மெயினைப் பூட்டிவிடுவார்கள். எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால் அடுத்த வரி:

“எல்லாரும் தள்ளி நில்லுங்க. மோட்டார் ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்க. ஓடுச்சா? தப்பான மெயினைப் பூட்டியிருக்கீங்க. நிறுத்துங்க. முதல்லேருந்து வாங்க.”

ஓடவில்லை என்றால் மின்சாரம் போய்விட்டது என்று பொருள். அந்தச் சோதனை அவ்வளவைத்தான் சொல்லும். ராமின் எடையும் அதோடு தொங்கும் மேல் டையின் எடையும் அங்கேயே இருக்கின்றன.

“இப்ப ராமுக்குக் கீழ கட்டை வைங்க. கட்டை வெச்ச பிறகுதான் ஏரை அடைங்க. உள்ள இருக்கிற காத்தை வெளியேத்துங்க. முள்ளு ஜீரோவுக்கு வரணும். ஏர் வால்வுக்கும் பூட்டு.”

இந்த வரிசைதான் பலருக்குப் புரியாதது. காற்றில் ஓடும் கிளட்ச் உள்ள பிரஸ்களில், காற்று போனால் ஸ்பிரிங் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும். அதை நம்பித்தான் சிலர் முதலில் காற்றைத் திறந்துவிடுகிறார்கள். ஆனால் பெரிய பிரஸ்களில் ராமின் எடையைத் தாங்கிப் பிடிக்கும் சிலிண்டர்களும் அதே காற்றில்தான் வேலை செய்கின்றன. காற்று இறங்கியதும் முழு எடையும் பிரேக் லைனிங்மேல் வந்து விழுகிறது. லைனிங் தேய்ந்திருந்தால், எண்ணெய் பட்டிருந்தால், ராம் வழுக்கி இறங்கும். கட்டை முன்பே இருந்தால் அது கட்டையில் உட்காரும்.

கட்டையை ஒட்டி வைக்க வேண்டும். இடைவெளி இருந்தால் ஆப்பு செருகி நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் எடை விழுந்து இடிக்கும். இன்னொன்று: கட்டை தாங்குவது நிற்கும் எடையைத்தான். பிளைவீலின் விசையோடு வரும் அடியை அது தாங்காது, சிதறிப் பறக்கும். பிளைவீல் நின்ற பிறகே கட்டை என்பது அதனால்தான். டை செட்டிங்கில் ராமை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்க்கும்போது மின்சாரம் வேண்டும். அந்த வேலைக்கு இந்த முறை பொருந்தாது, அதற்குத் தனி விதி.

“வேலை முடிஞ்சுதா? ஸ்பேனரை எண்ணுங்க. ஆளை எண்ணுங்க. முதல்ல ஏரை ஏத்துங்க. அப்புறம் கட்டையை எடுங்க. கடைசியா மெயின் பூட்டு. போட்டவரே எடுக்கணும்.”

ஷிஃப்ட் மாறும்போது இரவு ஃபிட்டர் தன் பூட்டைப் போட்ட பிறகே பகல் ஃபிட்டர் தன்னுடையதை எடுக்க வேண்டும். அவர் பூட்டை மறந்து வீட்டுக்குப் போய்விட்டால் உடனே கட்டரைத் தூக்கக் கூடாது. அவர் ஆலைக்குள் இல்லை என்பதைப் பொறுப்பாளர் நேரில் உறுதி செய்து, அவரோடு பேச முயன்ற பிறகே வெட்டலாம். மறுநாள் அவர் வேலையில் இறங்கும் முன் அதை அவரிடம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் தன் பூட்டு இன்னும் அங்கேயே தொங்குகிறது என்று நினைத்து அவர் உள்ளே கை விடுவார்.