லிஃப்ட் அருகே ஒட்டிய அந்த நோட்டீஸ்

பெரும்பாலான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வருடத்துக்கு ஒருமுறை லிஃப்ட் பக்கத்துப் பலகையில் இப்படி ஒரு நோட்டீஸ் ஏறும்: “சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நடைபெறும். கோரம் இல்லாவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, அதே இடத்தில் 10.30 மணிக்கு மீண்டும் கூடும். பொருள்: கடந்த ஆண்டு வரவு செலவு, வெளிப்பூச்சு வேலைக்கு கார்பஸ் நிதியிலிருந்து ரூ. 18 லட்சம் எடுக்க ஒப்புதல்.”

இதைப் படித்துவிட்டு, “வழக்கமான மீட்டிங்தானே” என்று மாடியேறிப் போய்விடுகிறோம். ஆனால் பொதுக்குழு, கோரம், கார்பஸ் ஆகிய மூன்று சொற்களும் சேர்ந்து அந்த நோட்டீஸில் சொல்லும் செய்தி பெரியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து, உங்கள் பணத்தில் கணிசமான ஒரு பங்கைச் செலவழிக்க முடிவெடுக்கப் போகிறார்கள். நீங்கள் போகாவிட்டாலும் அந்த முடிவு உங்களைக் கட்டுப்படுத்தும்.

முதலில் கார்பஸ். வீட்டைப் பதிவு செய்யும்போதோ சாவி வாங்கும்போதோ, விலைக்கு மேல் ஒரு தொகையை பில்டர் மொத்தமாக வாங்கியிருப்பார். மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ் வேறு, இது வேறு. வாட்ச்மேன் சம்பளம், பொது மின்சாரம், துப்புரவு, தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் மாதப் பணத்தில் நடக்க வேண்டும். பல வருடங்களுக்கு ஒருமுறை வரும் பெருஞ்செலவுக்கு உள்ளது கார்பஸ். லிஃப்டையே மாற்றுவது, ஜெனரேட்டர் வாங்குவது, மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு போடுவது, கட்டடம் முழுக்க வெளிப்பூச்சு அடிப்பது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் புதுப்பிப்பது போன்றவை அதில் அடங்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மேடவாக்கம் பக்கம் 72 வீடுகள் கொண்ட ஒரு வளாகம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீடும் 1,100 சதுர அடி. பில்டர் சதுர அடிக்கு 50 ரூபாய் வீதம் கார்பஸ் வாங்கினார். ஒரு வீட்டுக்கு 55,000 ரூபாய் என்றால், 72 வீட்டுக்கும் சேர்த்து 39,60,000 ரூபாய். சங்கம் அதை வங்கியில் எஃப்.டி. போட்டு வைக்கிறது. ஏழு சதவீத வட்டி கிடைத்தால் வருடத்துக்கு 2,77,200 ரூபாய் வரும். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் பொதுச் செலவுக்கு எடுப்பது பல சங்கங்களின் வழக்கம். அந்த வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பணத்துக்குக் கிடைக்கும் விலக்கு, வங்கி தரும் வட்டிக்குப் பொருந்தாது என்று பெங்களூர் கிளப் வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆண்டுக் கணக்கில் வட்டி வரவு இருந்து, வரிச் செலவு எங்குமே இல்லையென்றால் ட்ரெஷரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

கார்பஸ் கரையும் விதத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அதை யாரும் திருடுவதில்லை. நாலைந்து வீட்டுக்காரர்கள் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டாமல் இழுத்தடிப்பார்கள். சம்பளத் தேதி வந்துவிடும். கமிட்டிக்கு வேறு வழி தெரியாமல் ஒரு சிறிய எஃப்.டி.யை முறித்து, “பாக்கி வந்ததும் திருப்பிப் போட்டுவிடலாம்” என்று நினைப்பார்கள். பாக்கி வராது. அடுத்த வருடமும் இதே கதை நடக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கறிவு தேவையில்லை. சென்ற ஆண்டு இருப்புநிலைக் குறிப்பில் கார்பஸ் என்ற தலைப்பில் இருந்த தொகையையும், இந்த ஆண்டு கையில் உள்ள எஃப்.டி. ரசீதுகளின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புத்தகத்தில் 39,60,000 என்று இருந்து, ரசீதுகளைக் கூட்டினால் 31 லட்சம்தான் வருகிறது என்றால், நடுவில் உள்ள தொகை வாட்ச்மேன் சம்பளமாகவும் தண்ணீர் லாரியாகவும் ஓடிவிட்டது என்று அர்த்தம்.

புதிய வளாகங்களில் சிக்கல் வேறு மாதிரி இருக்கும். பணம் பில்டரிடமே இருக்கும். சங்கத்திடம் ஒப்படைக்கும்போது, “இத்தனை மாதம் நான்தான் பராமரித்தேன், வசூல் போதவில்லை” என்று சொல்லி ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, சங்கம் பொறுப்பேற்கும் வரை அத்தியாவசியச் சேவைகளை நியாயமான கட்டணத்துக்கு நடத்தித் தருவது பில்டரின் பொறுப்பு. ஆகவே எந்தக் கழிவையும் மாதவாரிக் கணக்கும் பில்லும் பார்க்காமல் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. இவ்வளவு காலம் அவர் கையில் இருந்த பணத்துக்கு வட்டி எங்கே என்றும் கேட்கலாம். அதே சட்டத்தில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்தால், தெரிவித்த 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். மூன்றே வருடத்தில் மொட்டை மாடி ஒழுகுகிறது என்பதற்காக கார்பஸைத் திறக்கும் சங்கங்கள், முதலில் பில்டருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும்.

வீட்டை விற்கும்போது கார்பஸ் திரும்பக் கிடைக்குமா என்றும் பலர் கேட்கிறார்கள். பொதுவாக அது வீட்டோடு சேர்ந்து வாங்குபவர் பெயருக்குப் போகும். சங்கம் திருப்பித் தராது. விற்பவர் அந்தத் தொகையையும் மனதில் வைத்து விலை பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது பொதுக்குழு. வளாகத்தின் வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் பொதுக்குழு. ஆங்கிலப் பெயரோடு ஜெனரல் பாடி என்றும் சொல்கிறோம். தலைவர், செகரட்டரி, ட்ரெஷரர் அடங்கிய கமிட்டி, பொதுக்குழு ஒப்படைத்த வேலையைச் செய்கிறது. அன்றாட நிர்வாகம் கமிட்டியின் கையில். ஆண்டுக் கணக்கை ஏற்பது, கமிட்டியைத் தேர்ந்தெடுப்பது, மெயின்டனன்ஸ் கட்டணத்தைக் கூட்டுவது, கார்பஸில் கை வைப்பது, பைலாவைத் திருத்துவது எல்லாம் பொதுக்குழுவின் கையில். எந்தத் தொகை வரை கமிட்டி தானே செலவழிக்கலாம் என்பது உங்கள் சங்கத்தின் பைலாவில் இருக்கும். தமிழ்நாட்டில் பல சங்கங்கள் 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அடுக்குமாடி உரிமைக்கென்று 1994-இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் புதிய சட்டமும் வந்திருக்கிறது. ஆனாலும் உங்கள் வளாகத்தின் அன்றாடக் கேள்விகளுக்குப் பதில் பெரும்பாலும் பைலாவில்தான் கிடைக்கும். அதில் ஒரு நகல் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது சொல் கோரம். கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை அது. நம் 72 வீட்டு வளாகத்தின் பைலாவில் மூன்றில் ஒரு பங்கு என்று இருந்தால் 24 உறுப்பினர்கள் வேண்டும். வருகைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்துகளை அப்படியே எண்ணிவிடக் கூடாது. 10 மணிக்கு 17 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று பேர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். அவர்கள் உறுப்பினர் இல்லை. இரண்டு வீடுகளிலிருந்து கணவனும் மனைவியும் வந்திருக்கிறார்கள். வழக்கமாக ஒரு வீட்டுக்கு ஒரு தலைதான் கணக்கு. ஆக உண்மையான வருகை 12. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் தம்பியிடம் எழுதிக் கொடுத்தனுப்பிய ப்ராக்ஸி செல்லுமா, மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர் ஓட்டுப் போடலாமா என்பதையும் பைலாதான் சொல்ல வேண்டும்.

கோரம் இல்லை. நோட்டீஸில் சொன்னபடி கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. 10.30 மணிக்கு மறுபடி கூடும்போது, பல பைலாக்களில் ஒரு வரி இருக்கும்: ஒத்திவைத்த கூட்டத்தில் வந்திருப்பவர்களே கோரம். இப்போது 19 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வெளிப்பூச்சுத் தீர்மானத்துக்கு சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றால், 10 பேர் கை தூக்கினால் நிறைவேறிவிடும். 72 வீட்டில் 10 வீடு. 18 லட்சம் என்பது ஒவ்வொரு வீட்டின் பங்கிலிருந்தும் 25,000 ரூபாய். கார்பஸ் 21,60,000-ஆக இறங்குகிறது. வருட வட்டி 1,51,200-ஆகக் குறைகிறது. வட்டியில் குறைந்த 1,26,000 ரூபாயை ஈடுகட்ட ஒவ்வொரு வீடும் மாதம் சுமார் 146 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். லிஃப்டை மாற்றும் நாள் வரும்போது கையில் இருப்பது அந்த 21 லட்சத்துச் சொச்சம்தான்.

அந்த 10 பேர் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சுவர் விரிசலில் மழைநீர் இறங்கினால் பூச்சு வேலை அவசியம். வராத 53 பேருக்காகக் கூட்டம் காலவரையின்றிக் காத்திருக்கவும் முடியாது. அதனால்தான் இந்த விதியே இருக்கிறது. ஆனால் அரை மணி நேரம் என்பது மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில், கோரம் இல்லாமல் ஒத்திவைத்த கூட்டம் பொதுவாக அடுத்த வாரம் அதே நாளில்தான் கூடும். வராதவர்களுக்கு யோசிக்கவும் வரவும் ஒரு வாரம் கிடைக்கிறது. கார்பஸ் அசலைத் தொடும் தீர்மானத்துக்காவது நம் சங்கங்களும் ஒரு வாரம் கொடுக்கலாம். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும் என்று பைலாவில் எழுதிக்கொள்ளலாம்.

கமிட்டியும் ஒத்திவைத்த கூட்டத்தில் சில எல்லைகளை மதிக்க வேண்டும். முதல் நோட்டீஸில் உள்ள பொருளை மட்டுமே எடுக்க வேண்டும். “இதர விஷயங்கள்” என்ற தலைப்பில் புதிதாகக் கேமரா வாங்கவோ கட்டணம் கூட்டவோ கூடாது. முழுக் கூட்டமாக இருந்தாலும், நடுவில் எழுந்து போனவர்களால் எண்ணிக்கை 24-க்குக் கீழே இறங்கிவிட்டால், அதற்குப் பின் நிறைவேற்றும் தீர்மானத்தை யாரும் எதிர்த்துக் கேட்க இடம் உண்டு. ஆகவே ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் அப்போது இருந்தவர்கள் எத்தனை, ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று மினிட்ஸில் எழுதிக் கையெழுத்து வாங்குவது கமிட்டிக்கே பாதுகாப்பு.

உங்கள் வளாகத்தில் அடுத்த நோட்டீஸ் ஒட்டப்பட்டதும், கூட்டத்துக்கு முன்பே செகரட்டரியிடம் எஃப்.டி. ரசீதுகளின் பட்டியலையும், வேலைக்கு வாங்கிய மூன்று கொட்டேஷன்களையும், பைலாவில் கோரம் பற்றிய பக்கத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். வர முடியாவிட்டால், பைலா அனுமதித்தால் ப்ராக்ஸி எழுதிக் கொடுங்கள். முடிந்தால் 10 மணிக்கே போய் உட்காருங்கள்.