ஒரு வரிக்கு ஒரு சேதி

மதுரை ஆனையூரில் வீடு கட்டி முடித்த சித்தி, அழைப்பிதழுக்கான வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பிள்ளையார் சுழியில் தொடங்கி ‘வேண்டுகிறோம்’ வரை ஒரே பத்தி. எல்லாச் சேதியும் இருந்தது. எந்தச் சேதியும் கண்ணில் படவில்லை. அச்சகத்துக்காரர் அந்தப் பத்தியை அப்படியே நடுவில் நிறுத்திக் கொடுத்தார். அட்டையின் அகலத்தில் இடம் எங்கே தீர்ந்ததோ அங்கே வரி முறிந்திருந்தது. ‘காலை 6.00 மணிக்கு மேல் 7.15’ ஒரு வரியிலும் ‘மணிக்குள்’ அடுத்த வரியிலுமாகக் கிடந்தன.

நடுவில் நிறுத்துவது எளிது, கணினியில் ஒரு பொத்தான். ஆனால் நடுவில் நிற்கும் வரிகளுக்கு இடப்பக்கம் நேர்கோடு கிடையாது. ஒவ்வொரு வரியும் புதிதாக ஓரிடத்தில் தொடங்குவதால், கண் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் நடுவமைப்பில் வரியை இடம் முறிக்கக் கூடாது, பொருள்தான் முறிக்க வேண்டும். வாயால் சொல்லும்போது எங்கே மூச்சு விடுவோமோ அங்கே வரி முடிய வேண்டும்.

சித்தியின் அட்டை 5 அங்குல அகலம், 7 அங்குல உயரம். சுற்றிலும் அரை அங்குலம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 4 அங்குலம். நான் முதலில் செய்தது வெட்டும் வேலைதான். ‘நிகழும் மங்களகரமான’ போயிற்று, ‘மகர லக்னத்தில்’ என்பதும் போயிற்று. லக்னம் புரோகிதருக்குத் தெரிந்தால் போதும். விருந்தாளிக்கு வேண்டியது மணி. திதியையும் நட்சத்திரத்தையும் எடுக்கச் சித்தி சம்மதிக்கவில்லை. அதுவும் சரிதான், அவை இல்லாவிட்டால் அது பிறந்தநாள் அட்டை மாதிரி ஆகிவிடும். வெட்டி, முறித்து வைத்தபின் வாசகம் இப்படி நின்றது:

```
        குலதெய்வம் துணை

       புதுமனை புகுவிழா

          அன்புடையீர்,
 விசுவாவசு ஆண்டு தை மாதம் 14ஆம் நாள்
      வளர்பிறை தசமி திதியும்
ரோகிணி நட்சத்திரமும் கூடிய சுபதினமான

      28.01.2026 புதன்கிழமை
காலை 6.00 மணிக்கு மேல் 7.15 மணிக்குள்

  ஆனையூர் மூன்றாவது தெரு, மனை எண் 14இல்
  நாங்கள் கட்டியுள்ள புதிய இல்லத்தில்
         குடிபுக இருப்பதால்
தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து
       வாழ்த்த வேண்டுகிறோம்.

      தங்கள் நல்வரவை நாடும்
        (வீட்டார் பெயர்)
```

மேலிருந்து படித்தால் இது இன்னும் ஒரே வாக்கியம்தான், எங்கும் அறுபடவில்லை. ஆனால் நாளும் நேரமும் மேலும் கீழும் வெற்றிடம் விட்டுத் தனியே நிற்கின்றன. அந்த இரண்டு வரியை மட்டும் பார்த்துவிட்டு அட்டையைக் கீழே வைப்பவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

எழுத்தின் அளவுக்கு மூன்று படி போதும் என்பது என் கட்சி. ‘புதுமனை புகுவிழா’ 26 புள்ளி. நாளும் நேரமும் வீட்டார் பெயரும் 15 புள்ளி, தடித்த எழுத்து. மீதி எல்லாம் 11 புள்ளி, சாதாரண எழுத்து. நான்காவது அளவு ஒன்றைச் சேர்த்தால் எது பெரியது என்று கண் குழம்பத் தொடங்கும். ஐந்து எழுத்துரு, நாலு நிறம் என்று வரும் அட்டைகளில் நடப்பது இதுதான். எல்லாமே கத்துவதால் எதுவும் காதில் விழுவதில்லை.

தமிழில் இந்தப் படிகளைக் காட்ட வேறு வழியும் குறைவு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தாலே அது தலைப்பாகிவிடும். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. ஆங்கிலத் தலைப்புகளில் அழகுக்காக எழுத்துகளை இடைவெளி விட்டு விரிப்பார்கள். அதைத் தமிழில் செய்தால் ‘கொ’வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் விலகி, மூன்று தனி எழுத்து போல நிற்கும். ஆகவே நம் கையில் இருப்பவை மூன்று: அளவு, தடிமன், வெற்றிடம்.

வெற்றிடத்தில் தமிழ் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். ‘கி’, ‘தீ’ என்று மேலே வளையும், ‘மு’, ‘ழு’ என்று கீழே இறங்கும். மேல் வரியின் ‘ழு’வும் கீழ் வரியின் ‘தீ’யும் உரசாமல் இருக்க, 11 புள்ளித் தமிழுக்கு 16 புள்ளி வரியிடை வைத்தேன். ஆங்கிலத்துக்கு 14 போதுமாக இருந்தது.

ஆங்கிலப் பக்கம் அடுத்த சிக்கல். சித்தியின் மகன் தமிழ்ப் பக்கத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்து அனுப்பியிருந்தான். படித்தால் தலைகீழாக நடப்பதுபோல் இருந்தது. காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழ் அழைப்பிதழ் நாளில் தொடங்கி, இடத்தைச் சொல்லி, வேண்டுகோளில் முடியும்; அழைப்பவர் கடைசியில்தான் வருவார், ‘நல்வரவை நாடும்’ என்ற எச்சம் அவர் பெயரில் போய் முடியும். ஆங்கில வாக்கியத்துக்கு அழைப்பவர் முதலில் வந்தாக வேண்டும். எனவே மொழிபெயர்க்காமல் புதிதாக அடுக்கினோம்:

```
      (Names of the hosts)
request the pleasure of your company
             at the

          Housewarming

        of their new home

   Wednesday, 28 January 2026
      6.00 a.m. to 7.15 a.m.

      Plot 14, Third Street
        Anaiyur, Madurai
```

இங்கே பெரிய வரி நான்காவதாக வருகிறது. தமிழில் அது மேலே இருக்கிறதே என்று ஆங்கிலத்திலும் மேலே ஏற்ற வேண்டியதில்லை. பெரிதாக இருந்தால் நடுவில் நின்றாலும் முதலில் கண்ணில் படும். திதிக்கு இங்கே வேலையில்லை. இரண்டு மொழியையும் அட்டையின் இரண்டு பக்கமாக வைத்தோம். ஒரே பக்கத்தில் இடமும் வலமுமாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 2 அங்குலம்கூட மிஞ்சாது, ‘நட்சத்திரமும் கூடிய’ என்பதற்கே மூச்சு முட்டும்.

தட்டச்சில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வரியை முறிக்க ஸ்பேஸ் தட்டித் தட்டித் தள்ளக் கூடாது. வரியின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஒரு வெற்று ஸ்பேஸ்கூடச் சில மென்பொருள்களில் வரியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திவிடும். ஒரு வரி மட்டும் கோணலாகத் தெரிந்தால் முதலில் அதைத் தேடுங்கள். ஒரே தொகுதிக்குள் வரியை முறிக்க Shift + Enter, அடுத்த தொகுதிக்குப் போக Enter. அப்போதுதான் தொகுதிகளுக்கு இடையிலான வெற்றிடத்தை ஒரே இடத்தில் கூட்டிக் குறைக்க முடியும்.

இரண்டாவது, எழுத்துரு. நாம் கைப்பேசியில் அடிப்பது யூனிகோடு. பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பு இடம் மாறும், எண்களும் நிறுத்தக்குறிகளும் வேறு எதுவாகவோ திரும்பும். அதனால் மாற்றிய பிறகு வந்த மெய்ப்பைத்தான் திருத்த வேண்டும், நாம் அனுப்பிய பிரதியை அல்ல. எங்கள் மெய்ப்பில் 7.15இன் புள்ளி காணாமல் போய் ‘715’ என்று நின்றது.

திருத்தி வந்த தாளை 5க்கு 7 அங்குலமாக வெட்டி, எண்பதைத் தாண்டிய பெரியம்மாவிடம் கண்ணாடி இல்லாமல் கொடுத்தோம். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

“புதன்கிழமை காலையில ஆறு மணிக்கு. ஏன்டி, சாப்பாடு இருக்கா இல்லையா, அதப் போடலையே?”

கீழே 11 புள்ளியில் ‘காலை விருந்து உண்டு’ என்று ஒரு வரி சேர்த்தோம்.