சம்பளச் சீட்டில் ஒரு ‘ஜஸா’



உங்கள் கணவரோ மகனோ ஸஊதியில் இருந்தால், மாதம் ஒரு தடவை அவர் கையில் ஒரு சீட்டு வந்து சேர்கிறது. பெரும்பாலும் அது அறபியில் இருக்கும். அவருக்கும் விளங்காது, உங்களுக்கும் விளங்காது. “மௌலவிக்கு அறபு தெரியும்தானே” என்று என்னிடம் கொண்டு வருவீர்கள். அறபு தெரிந்த நானே அதில் தடுக்கி விழுந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கிருலப்பனையில் ஒரு சகோதரி, தன் மாமியோடு வீட்டுக்கு வந்தார். றியாதில் களஞ்சிய வேலை செய்யும் கணவர் சீட்டைப் படமெடுத்து கைத்தொலைபேசியில் அனுப்பியிருந்தார். “மௌலவி, இவரு ஓவர்டைம் செய்யிறதாச் சொல்றாரு. ஆனா வாற காசு கொறஞ்சிதான் வருது. மிச்சம் எங்க போகுதுண்டு வெளங்கல்ல” என்றார். மாமி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்திலேயே வீட்டில் நடந்த வாக்குவாதம் எனக்குக் கேட்டது.

சீட்டை வாசித்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் ‘ஜஸாஆத்’ என்று இருந்தது, பக்கத்தில் நூறு. “நூறு ரியால் ஏதோ அன்பளிப்பும் கிடைத்திருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். சகோதரியின் முகம் மாறியது. “அதப் பத்தி அவரு ஒண்டும் சொல்லல்லையே!”

நாம் ‘ஜஸாகல்லாஹு கைரா’ என்று சொல்லிப் பழகியவர்கள். ஜஸா என்றால் நற்கூலி என்றே மனம் ஓடும். ஆனால் அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் செய்ததற்கு உரிய பலன் என்பதாகும். அது நன்மையாகவும் இருக்கலாம், தண்டனையாகவும் இருக்கலாம். கம்பனிச் சீட்டில் ஜஸாஆத் என்றால் தண்டப் பணம். கிடைத்த பணமல்ல, வெட்டிய பணம்!

மத்ரஸாவில் ஓதிய அறபு இப்படித்தான் காலை வாரிவிடும். ‘பதல்’ என்றால் எங்களுக்குப் பகரம். ஹஜ் பதல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சீட்டில் அது கொடுப்பனவு: பதல் ஸகன் என்றால் வீட்டுக் கொடுப்பனவு, பதல் தஆம் என்றால் சாப்பாட்டுக் கொடுப்பனவு. ‘நக்ல்’ என்றால் கிதாபில் ஒருவர் சொன்னதை எடுத்துரைப்பது. சீட்டில் பதல் நக்ல் என்பது போக்குவரத்துக் கொடுப்பனவு. ‘கஸ்ம்’ என்றால் ஃபிக்ஹில் வழக்கின் எதிராளி. சீட்டிலோ அது கழிவு.

என் பிழையைக் காட்டித் தந்தது அகராதி அல்ல, கணக்கு. சீட்டில் இரண்டு நிரல்கள் உண்டு. ‘இஸ்திஹ்காகாத்’ என்ற தலைப்பின் கீழ் வருபவை அவருக்குச் சேர வேண்டியவை. ‘இஸ்திக்தாஆத்’ அல்லது ‘ஹஸ்மிய்யாத்’ என்பதன் கீழ் வருபவை கழிவுகள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், அடியில் இருக்கும் ‘ஸாஃபீ’, அதாவது தேறிய சம்பளம், வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வரியைப் பிழையாக விளங்கியிருக்கிறோம், அல்லது சீட்டே பிழை.

அவருடைய சீட்டை எடுங்கள். அடிப்படைச் சம்பளம் (ராதிப் அஸாஸீ) 1200. சாப்பாட்டுக் கொடுப்பனவு 300. மேலதிக நேரம் (அமல் இளாஃபீ) 40 மணித்தியாலத்துக்கு 200. மொத்தம் 1700. கழிவில் முற்பணம் (ஸுல்ஃபா) 150, வேலைக்கு வராத நாள் (கியாப்) ஒன்றுக்கு 50, அந்த ஜஸாஆத் 100. மொத்தக் கழிவு 300. தேறியது 1400. சீட்டின் அடியிலும் 1400தான். ஜஸா அன்பளிப்பாக இருந்தால் 1600 வந்திருக்க வேண்டும். “அவரு ஒண்டையும் மறைக்கல்ல” என்று சொன்னேன். மாமி அப்போதுதான் வாய் திறந்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

இன்னொரு பொறி, இலக்கங்கள். அறபுச் சீட்டில் பூச்சியம் ஒரு புள்ளி. ஐந்துதான் வட்டமாக, நமது பூச்சியம் போல இருக்கும். ஆறு நமது ஏழைப் போல இருக்கும். முற்பணம் 150 என்பது நம் கண்ணுக்கு பத்தும் ஒரு புள்ளியும் போலத் தெரியும். அந்தச் சகோதரி அதைப் பத்து ரியால் என்றே நினைத்திருந்தார்.

சீட்டைத் தமிழாக்கியதோடு வேலை முடியவில்லை. கூட்டல் சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தொகை சரிதானா என்று பார்க்க வேண்டும். மேலதிக நேர வரி என் கண்ணில் உறுத்தியது.

ஸஊதியின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின் 107ஆம் பிரிவு, மேலதிக மணித்தியாலத்துக்கு அந்த மணித்தியாலக் கூலியோடு அடிப்படைச் சம்பளத்தில் பாதியும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. மாதத்துக்கு 30 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம், ஆக 240. முழுச் சம்பளமான 1500ஐ 240ஆல் பிரித்தால் ஆறேகால் ரியால். அடிப்படையான 1200ஐப் பிரித்தால் ஐந்து, அதில் பாதி இரண்டரை. இரண்டையும் கூட்டினால் மணித்தியாலத்துக்கு எட்டே முக்கால் ரியால். 40 மணித்தியாலத்துக்கு 350 ரியால் வர வேண்டும். சீட்டில் இருப்பது 200. அதாவது வெறும் ஐந்து ரியால்படி, பாதியும் சேர்க்காமல், சாப்பாட்டுப் பணத்தையும் சேர்க்காமல் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் 150 ரியால் குறைவு. கணவரின் வியர்வை போன இடம் அதுதான்.

கழிவுகளையும் அப்படியே பார்க்கலாம். வராத நாளுக்கு 1500ஐ 30ஆல் பிரித்தால் 50. அது சரி. கம்பனியிடம் வாங்கிய கடனுக்கு மாதச் சம்பளத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் பிடிக்கக் கூடாது. 150 சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. தண்டப் பணம் ஒரு மாதத்தில் ஐந்து நாள் கூலியைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் 100 எல்லைக்குள்தான். ஆனால் தண்டிக்க முன் குற்றத்தை எழுத்தில் அறிவித்து, அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்டிருக்க வேண்டும். இவருக்கு அப்படி ஒரு கடிதமும் வந்ததாகத் தெரியவில்லை. சில சீட்டுகளில் இகாமாக் கட்டணம் என்று ஒரு கழிவு வரும். அந்தச் செலவைச் சட்டம் முதலாளி மீதே சுமத்தியிருக்கிறது.

இதிலே ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பணிப்பெண்ணாகவோ வீட்டுச் சாரதியாகவோ போனவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு வேறு விதிகள் உண்டு. 2025 பெப்ரவரியிலிருந்து, தொழிலாளி சம்மதித்தால் மேலதிக நேரக் காசுக்குப் பதிலாகச் சம்பளத்தோடு லீவு கொடுக்கவும் இடமுண்டு. ஆகவே அவர் ஏதும் கையெழுத்திட்டாரா என்று முதலில் கேளுங்கள்.

நான் ஒரு தாளை மூன்றாகக் கோடு போட்டேன். முதலாவதில் அறபுச் சொல்லை அப்படியே எழுதினேன். இரண்டாவதில் தமிழ். மூன்றாவதில் என் குறிப்பு. மொழிபெயர்ப்பவர் சீட்டைத் திருத்தக் கூடாது. 200 என்று இருந்தால் 200 என்றே எழுத வேண்டும், 350 என்பது குறிப்பில்தான் வர வேண்டும். நாளை அது ஒரு முறைப்பாட்டோடு போகும் தாளாகலாம். அமானிதம் அல்லவா?

“இத வச்சி இப்ப என்ன செய்யிற மௌலவி?” என்று சகோதரி கேட்டார். கணவர் முதலில் கம்பனியின் கணக்குப் பிரிவில் பணிவாகக் கேட்கட்டும். வேலை செய்த மணித்தியாலங்களை அன்றாடம் தன் கொப்பியில் குறிக்கட்டும். தீராவிட்டால் அங்குள்ள தொழில் அலுவலகமும், றியாதில் நமது தூதரகத்தின் தொழில் பிரிவும் இருக்கின்றன. வேலை முடிந்து 12 மாதம் கடந்தால் வழக்கை ஏற்கமாட்டார்கள். ஆகவே நாடு திரும்பிய பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட வேண்டாம்.

உங்கள் பங்கு ஒன்று உண்டு. மாதாமாதம் வரும் சீட்டின் படத்தை அழித்துவிடாதீர்கள். அவர் போகும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதியோடு ஒரே உறையில் வையுங்கள். சீட்டிலுள்ள அடிப்படைச் சம்பளமும் ஒப்பந்தத்திலுள்ளதும் ஒன்றுதானா என்று இன்றைக்கே ஒத்துப் பாருங்கள்.

போகும்போது மாமி மருமகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “இண்டைக்கு ராவு அவன் கோல் எடுத்தா, முதல்ல சாப்பிட்டியாண்டு கேளு. காசுக் கதை பொறகு.”