உஷார்! பக்கத்தை எண்ணி விலை சொல்லாதீர்கள்

பிரிக்பீல்ட்ஸில் தனியாக மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவர்களே, அடுத்த முறை போனில் இப்படி ஒரு குரல் கேட்டால் உடனே தொகை சொல்லிவிடாதீர்கள்: "தம்பி, எங்க சங்கத்து ஆண்டறிக்கை ஒண்ணு இருக்கு. அறுபது பக்கம்தான், பாதி வெறும் நம்பர். எவ்வளவுன்னு இப்பவே சொல்லுங்க."

அந்த "இப்பவே"தான் ஆபத்து. வாய்விட்டுச் சொன்ன தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி உறுதி செய்துவிடுவார்கள். கோப்பைத் திறந்து பார்த்த பிறகு அதிலிருந்து மேலே ஏறுவது மிகக் கடினம். தோட்டத் தொழிலாளர்களைப் பங்குதாரர்களாக்கி துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது 1960-இல். அன்று முதல் இன்றுவரை தமிழ் படிக்கும் உறுப்பினர்களுக்குக் கணக்கு புரிய வேண்டிய தேவை இந்த நாட்டில் இருக்கிறது. அந்தக் கணக்கை மொழிபெயர்ப்பவர் நஷ்டத்தில் வேலை செய்தால் கடைசிப் பக்கங்களை அவசரத்தில் ஓட்டுவார். கடன் விவரமும் வழக்கு விவரமும் இருப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கங்களில்தான்.

முதல் கண்ணி: எந்த மொழிச் சொல்லை எண்ணுகிறீர்கள்?

தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'இன் தி அன்யுவல் ரிப்போர்ட் ஆஃப் தி கம்பெனி' என்ற ஏழு ஆங்கிலச் சொற்கள் 'நிறுவனத்தின் ஆண்டறிக்கையில்' என்று இரண்டாகிவிடும். நீண்ட ஆவணத்தில் நூறு ஆங்கிலச் சொல்லுக்கு ஏறக்குறைய எழுபது தமிழ்ச் சொல்தான் வரும். "முடித்துக் கொடுத்த தமிழ்ச் சொல்லுக்குக் காசு" என்று ஒப்புக்கொண்டால், உழைப்பு குறையாமலே கூலி மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே மூல ஆவணத்தின் சொற்களுக்கே விலை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். வேலை தொடங்கும் முன்பே இரு தரப்புக்கும் தெரிந்த எண்ணும் அது ஒன்றுதான்.

இரண்டாம் கண்ணி: கணினி காட்டும் எண்

பிடிஎஃப் கோப்பை வேர்டுக்கு மாற்றி, கீழே தெரியும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். Word Count பெட்டியைத் திறந்து "Include textboxes, footnotes and endnotes" என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அழகுக்காகப் பெட்டிக்குள் வைத்த தலைவர் உரையும் அடிக்குறிப்புகளும் அதில்தான் கணக்குக்கு வரும். படமாக ஒட்டிய வரைபடமும், கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த தணிக்கையாளர் அறிக்கையும் எதிலும் எண்ணப்படாது. ஒரு பக்கத்தில் சுட்டியால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது படம். அதைக் கையால்தான் எண்ண வேண்டும்.

அட்டவணை எண்கள் இதற்கு நேர்மாறு. வேர்டு ஒவ்வொரு எண்ணையும் ஒரு சொல்லாக எண்ணிவிடும். "நம்பருக்கு எதுக்குக் காசு?" என்று வாடிக்கையாளர் கேட்பார். மொழிபெயர்க்க வேண்டாம், சரிதான். ஆனால் சரிபார்க்க வேண்டும். கணக்கறிக்கையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் 1,250 ஒரு கழித்தல் தொகை. அடைப்புக்குறி விழுந்தால் நஷ்டம் லாபமாகிவிடும். எண்ணுக்கு முழு விலை கேட்காதீர்கள், இலவசமாகவும் செய்யாதீர்கள். சரிபார்ப்பு விலை என்று தனி வரி போடுங்கள்.

மூன்றாம் கண்ணி: துறைச் சொல்

தலைவர் உரை ஒரு நாளில் இரண்டாயிரம் சொல் வரை ஓடும். கணக்குக் குறிப்புகள் வந்ததும் அந்த வேகம் பாதியை ஒட்டி விழும். மலேசியாவில் 2018 முதல் நடைமுறைக்கு வந்த எம்எஃப்ஆர்எஸ் 9 தரநிலை, 'எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு' என்ற கணக்கிடும் முறையையே கொண்டுவந்தது. அது என்னவென்று புரியாமல் அந்தப் பத்தியைத் தமிழில் எழுத முடியாது.

தணிக்கையாளர் 'குவாலிஃபைட் ஒப்பீனியன்' தந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அதைத் 'தகுதியான கருத்து' என்று எழுதினால் பாராட்டுபோல ஒலிக்கும். உண்மையில் அது, கணக்கில் ஒரு பகுதியைத் தணிக்கையாளர் ஏற்கவில்லை என்ற எச்சரிக்கை. 'மறுப்புக்குறிப்புடன் கூடிய கருத்து' என்று எழுதினால்தான் உறுப்பினருக்கு விஷயம் போய்ச் சேரும். இப்படிப்பட்ட முப்பது நாற்பது சொற்களைப் பட்டியலிட்டு, சங்கத்தின் கணக்காளரிடம் ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். குறிப்புகளுக்குத் தனி விலை வையுங்கள்.

நான்காம் கண்ணி: அவசரம்

டிசம்பர் 31-இல் கணக்கு முடிக்கும் புர்சா மலேசியா பட்டியல் நிறுவனங்கள் நான்கு மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். அந்த மாதங்களில் தணிக்கை அலுவலகங்கள் திணறும். சின்னச் சங்கங்களின் கணக்கு தாமதமாகி உங்களிடம் வரும்போது அச்சகத் தேதி கழுத்தை நெரிக்கும். அவர்கள் தாமதத்தை உங்கள் தூக்கத்தால் ஈடுகட்டாதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

அந்த அறுபது பக்கத்தில் "15,000 சொல்" என்று அவர் சொன்னதாக வைத்துக்கொள்வோம். பெட்டிகளிலும் அடிக்குறிப்புகளிலும் 2,200, படப் பக்கங்களில் 1,800 சேர, மொத்தம் 19,000. அதில் 3,000 வெறும் எண்கள். மீதி 16,000-இல் உரைப்பகுதி 10,000, கணக்குக் குறிப்புகள் 6,000.

உரைக்கு 30 காசு, குறிப்புக்கு 40 காசு, எண் சரிபார்ப்புக்கு 10 காசு என்று கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்தவை. உங்கள் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உரைக்கு 3,000 வெள்ளி, குறிப்புக்கு 2,400, எண்ணுக்கு 300, ஆக 5,700 வெள்ளி.

நாளைப் பாருங்கள். உரைக்கு ஐந்து நாள், குறிப்புகளை நாளுக்கு 1,200 சொல் என்று எடுத்தால் இன்னொரு ஐந்து நாள், எண்ணுக்கு ஒரு நாள், முழுவதையும் மறுபடி படிக்க இரண்டு நாள். மொத்தம் பதின்மூன்று வேலை நாள். எட்டே நாளில் வேண்டும் என்றால் இரவும் ஞாயிறும் போகும், கையிலிருக்கும் வேறு வேலை தள்ளிப்போகும். அதற்கு 30 விழுக்காடு கூட்டினால் 1,710 சேர்ந்து 7,410 வெள்ளி. போனில் 15,000 சொல்லை 30 காசால் பெருக்கியிருந்தால் 4,500-தான் வந்திருக்கும். கிட்டத்தட்ட மூவாயிரம் வெள்ளி கையை விட்டுப் போயிருக்கும்.

ஐந்து நாளில் கேட்டால் எந்த விழுக்காடும் உதவாது. ஆளைச் சேர்த்துப் பிரிக்க வேண்டும். பிரித்தால் ஒரே சொல் மூன்று விதமாக வரும். இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

கொட்டேஷனில் விடக்கூடாதவை

கோப்பின் பெயரையும் பதிப்புத் தேதியையும் எழுதுங்கள். தணிக்கையாளர் கையெழுத்திடும்வரை எண்ணும் குறிப்பும் மாறிக்கொண்டே இருக்கும். வரைவை வைத்துத் தொடங்கினால், பிறகு வரும் மாற்றங்களுக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம் என்று குறிப்பிடுங்கள். பாதித் தொகை முன்பணம், மீதி எப்போது, இந்த விலை எத்தனை நாள் செல்லும் என்பதும் இருக்கட்டும். நாள் கணக்கு முன்பணமும் முழுக் கோப்பும் வந்த மறுநாளிலிருந்துதான் ஓடும் என்று கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

"அவ்வளவு பணம் இல்லை" என்றால் விலையை வெட்டாதீர்கள், வேலையின் அளவைக் குறையுங்கள். தலைவர் உரை, வரவு செலவு அறிக்கை, தணிக்கையாளர் கருத்து, கடன் பற்றிய குறிப்பு ஆகியவற்றை மட்டும் தமிழில் தரலாம் என்று சொல்லுங்கள். அதற்கும் அதே காசு வீதம்தான். போனில் மறுபடி "சும்மா ஒரு தோராயமா சொல்லுங்க" என்று கேட்டால், "கோப்பை அனுப்புங்க, நாளைக்கு எழுத்தில் தர்றேன்" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாதீர்கள்!